கதவு திறப்பது நாலேகாலுக்கு, கச்சேரி தொடங்குவது ஐந்துக்கு

கோயம்புத்தூரிலிருந்து ஜப்பானுக்குச் சுற்றுலா கிளம்பிய ஒரு குடும்பம் 2024 அக்டோபரில் எனக்கு வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியது. ஒசாகாவில் வேலை பார்க்கும் தம்பி, அக்கா குடும்பத்துக்காக ஓர் இசை நிகழ்ச்சிக்கு மூன்று டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். அவரும் அந்த ஊருக்குப் புதிது, ஜப்பானிய மொழி பேச வரும், படிக்க வராது. அலுவலக நண்பர் ஒருவர் மூலம் வாங்கியிருக்கிறார். ஒரு டிக்கெட்டை மேசைமேல் வைத்துப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்ப, அக்கா அதைச் செல்பேசிச் செயலியில் போட்டுத் தமிழாக்கிப் பார்த்திருக்கிறார். பிறகும் சந்தேகம் தீராமல் எனக்கு அனுப்பினார். ஜப்பானிய மொழியிலிருந்து மொழிபெயர்ப்பதுதான் என் வேலை.

அவர் கேட்டது இரண்டே கேள்வி. “எத்தனை மணிக்குப் போய் நிக்கோணுங்க? பாப்பாவையும் கூட்டிட்டுப் போலாங்களா?”

செயலி தந்த தமிழ் இப்படி இருந்தது: “திறப்பு 16:15, திறப்பு 17:00. குறிப்புகளுடன் கூடிய ஒதுக்கப்பட்ட இருக்கை. பள்ளி செல்லாத குழந்தைகள் நுழைய முடியாது. பிரித்தல் செல்லாது.” ஒவ்வொரு சொல்லுக்கும் ஏதோ ஓர் அர்த்தம் வந்துவிட்டது. ஆனால் இதை வைத்துக்கொண்டு அரங்க வாசலுக்குப் போனால் நாலு இடத்தில் தடுமாற வேண்டியிருக்கும். டிக்கெட் என்பது வாசிப்பதற்காக எழுதப்பட்ட உரை இல்லை. எந்த நாள், எந்த நேரம், எந்தக் கதவு, எந்த நாற்காலி, யார் வரலாம், எதைச் செய்யக்கூடாது என்று கையில் வைத்திருப்பவருக்குச் சொல்லும் கட்டளைகள் அவை. இடமில்லாததால் இரண்டு மூன்று எழுத்துகளில் சுருக்கியிருப்பார்கள். அந்தச் சுருக்கத்தை விரித்துச் செய்யவேண்டிய காரியமாகச் சொன்னால்தான் மொழிபெயர்ப்பு முடிந்ததாக நான் கருதுவேன்.

முதலில் படம். என் வேலையில் பாதித் தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. ஜப்பானில் கன்வீனியன்ஸ் ஸ்டோர் எனப்படும் சின்னக் கடைகளிலேயே நிகழ்ச்சி டிக்கெட் அச்சடித்துக் கொடுப்பார்கள். அந்த அச்சில் கதகானா எழுத்துகளைப் பாதி அகலத்துக்கு நெருக்கிப் போடுவது வழக்கம். கதகானாவில் ஹ, ப, இன்னொரு ப, அதாவது வல்லின ஒலியும் மெல்லொலியும், மூன்றுக்கும் அடிப்படை வடிவம் ஒன்றுதான். மேலே இரண்டு சிறு கீற்று இருந்தால் ஓர் ஒலி, சின்ன வட்டம் இருந்தால் வேறு ஒலி, ஒன்றும் இல்லையென்றால் ஹ. மேசை விளக்கு தாளில் பட்டு மின்னினால் அந்தக் கீற்று காணாமல் போய்விடும். இன்னொரு தொல்லை கிடைக்கோடு. ஒன்று என்ற எண்ணைக் குறிக்கும் சீன எழுத்து ஒரு கிடைக்கோடு. கதகானாவில் நெடிலைக் காட்டும் குறியும் கிடைக்கோடு. எண்களுக்கு நடுவில் போடும் இணைப்புக்குறியும் கிடைக்கோடு. எது எது என்று பக்கத்தில் நிற்கும் எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

அதனால் படம் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். தாளைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாகத் தட்டையாக வையுங்கள். நேர் மேலிருந்து முழு டிக்கெட்டையும் ஒரு படம், பிறகு மூன்று துண்டாகக் கிட்டத்தில் மூன்று படம், பின்பக்கம் ஒன்று. பட்டைக்கோடோ சதுரப் புள்ளிக்கோடோ இருந்தால் ஒரு காகிதத் துண்டால் மறைத்துவிடுங்கள். அதைப் படமெடுத்து வேறொருவர் உள்ளே போய்விடலாம், எனக்கு அது தேவையும் இல்லை. படம் வந்ததும் முதலில் எண்களை மட்டும் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்வேன். எண்ணை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, பிசகாமல் படி எடுத்தால் போதும். ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னாலோ பின்னாலோ ஒட்டி நிற்கும் எழுத்து என்ன சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கோவைக் குடும்பத்தின் டிக்கெட்டில் நாள் சிக்கலில்லை. ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் 2024, 11, 3. அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்து. முதலாவது ஞாயிறு. அதே எழுத்து தேதிக்குப் பின்னால் வந்தால் ‘நாள்’ என்று பொருள்படும், அடைப்புக்குறிக்குள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது எழுத்து அரசு விடுமுறையைக் குறிக்கும். நவம்பர் 3 ஜப்பானில் பண்பாட்டு நாள், விடுமுறை. கிழமையை நான் எப்போதும் நாள்காட்டியோடு ஒத்துப் பார்ப்பேன். தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால் ஏதோ ஓர் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறோம் என்று உடனே தெரிந்துவிடும். சில டிக்கெட்டுகளில் ஆண்டு 6 என்று மட்டும் இருக்கும். அது பேரரசர் ஆட்சியின் கணக்கு. இப்போதைய ரெய்வா ஆட்சி 2019-இல் தொடங்கியது, ரெய்வா ஆண்டோடு 2018-ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும்.

இப்போது அந்த இரண்டு ‘திறப்பு’. 16:15-க்கு முன்னால் இருந்த சொல் ‘கைஜோ’. 17:00-க்கு முன்னால் இருந்தது ‘கைஎன்’. இரண்டும் இரண்டே எழுத்துச் சொற்கள், முதல் எழுத்து இரண்டிலும் ஒன்றே. பார்த்தால் இரட்டைக் கதவு போலவே இருக்கும். திறத்தல், தொடங்குதல் என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. வேறுபாடு இரண்டாவது எழுத்தில் இருக்கிறது. கைஜோவின் இரண்டாவது எழுத்துக்கு இடது ஓரத்தில் கூட்டல் குறிக்குக் கீழே ஒரு கோடு போட்டது போன்ற பகுதி இருக்கும். அது மண், அதாவது இடத்தைச் சொல்லும் எழுத்து. ஆக, கைஜோ என்றால் அரங்கம் திறக்கும் நேரம். கைஎன்னின் இரண்டாவது எழுத்துக்கு இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மூன்று சிறு தீற்றல்கள் இருக்கும். அது நிகழ்த்துதலைச் சொல்லும் எழுத்து. ஆகவே கைஎன் என்றால் நிகழ்ச்சி தொடங்கும் நேரம். ஜப்பானிய மொழி தெரியாதவரும் இந்த இடது ஓரத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

இதை நம் ஊர் வழக்கத்தோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் பலனில்லை. அங்கே ஐந்து என்றால் பெரும்பாலும் ஐந்துக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். செவ்விசை அரங்குகளில் ஒரு பாட்டு முடியும்வரை கதவைத் திறக்கமாட்டார்கள், வெளியில் நிற்க வேண்டும். அதனால் அக்காவுக்கு நான் எழுதியது: “மாலை 4:15-க்கு உள்ளே விடுவார்கள். 5 மணிக்குக் கச்சேரி தொடங்கிவிடும். 4:30-க்குள் வாசலில் இருங்கள்.” கடைசி வாக்கியம் டிக்கெட்டில் இல்லை. அது என் பரிந்துரை என்பதையும் அவரிடம் சொன்னேன். டிக்கெட் சொன்னது எது, மொழிபெயர்ப்பவர் சேர்த்தது எது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது இருக்கை. இரண்டாம் தளம், மூன்றாம் வரிசை, மூன்றாம் எண் என்று அச்சாகியிருந்தது. ஜப்பானியக் கணக்கில் தரைத்தளம்தான் முதல் தளம். டிக்கெட்டில் இரண்டாம் தளம் என்றால் நாம் முதல் மாடி என்று சொல்வது. இதை அப்படியே ‘இரண்டாவது மாடி’ என்று எழுதினால் ஒரு மாடி கூடுதலாக ஏறி இறங்க நேரும். மூட்டுவலி உள்ள பெரியவர் உடன் வந்தால் அது சின்ன விஷயமில்லை. வரிசை மேடையிலிருந்து எண்ணப்படுவது. ஆனால் மாடியில் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். மாடியின் மூன்றாவது வரிசை மேடைக்குக் கிட்டத்தில் இல்லை, மாடி விளிம்பிலிருந்து மூன்றாவது. நாற்காலி எண் பெரும்பாலான அரங்குகளில் மேடையைப் பார்த்து நிற்பவரின் இடது கோடியில் ஒன்றிலிருந்து தொடங்கி வலது பக்கம் ஏறும். மூன்று என்றால் இடது ஓரம்.

அந்த இடது ஓரத்தை டிக்கெட்டே உறுதி செய்தது. எந்தக் கதவு என்ற இடத்தில் ‘ஷிமோதே’ பக்கம் என்று இருந்தது. ஜப்பானிய மேடைக்காரர்கள் பார்வையாளருக்கு வலப்புறத்தைக் கமிதே என்பார்கள், இடப்புறத்தை ஷிமோதே என்பார்கள். மேல்கை, கீழ்கை என்று எழுத்துக்கு எழுத்துப் பொருள். இதில் ஒரு பொறி உண்டு. அதே இரண்டு எழுத்துகளை அன்றாடப் பேச்சில் வேறு மாதிரி வாசிப்பார்கள். மேல்கை ‘ஜோசு’ ஆகும், கைதேர்ந்த என்று பொருள். கீழ்கை ‘ஹெதா’ ஆகும், வராத, மட்டமான என்று பொருள். எழுத்தை மட்டும் பார்க்கும் செயலி ‘மோசமான பக்கக் கதவு’ என்று சொன்னால் அதைக் குறை சொல்ல முடியாது. அரங்கத்தை மனதில் வைத்துப் படிப்பவருக்குத்தான் அது ‘இடப்பக்கக் கதவு’.

‘குறிப்புகளுடன் கூடிய ஒதுக்கப்பட்ட இருக்கை’ என்பதைப் படித்ததும் அக்கா, நாற்காலியில் ஏதோ நிகழ்ச்சி நிரல் புத்தகம் வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தார். மூலத்தில் இருந்தது ‘சூஷாக்கு’ இருக்கை. சூஷாக்கு என்றால் விளக்கக்குறிப்பு. டிக்கெட் விற்கும்போது இந்த இருக்கைகளுக்கு மட்டும் ஒரு விளக்கக்குறிப்பு சேர்த்திருப்பார்கள்: மேடையின் ஒரு பகுதி, திரை அல்லது கலைஞர்கள் தெரியாமல் போகலாம், தெரிந்துதான் வாங்குகிறீர்கள். ஒலிப்பெருக்கி அடுக்கோ தூணோ மறைக்கும் ஓர இருக்கைகள் இவை. டிக்கெட்டில் அந்தக் குறிப்பு முழுதாக வராது, பெயர் மட்டும் வரும். ஆகவே தமிழில் ‘மேடை முழுதாகத் தெரியாத ஓர இருக்கை’ என்று எழுதினேன். இடது கோடியில் மூன்றாம் எண் என்பதும் இதற்குப் பொருந்தியது. ஒரு டிக்கெட்டின் பகுதிகள் இப்படி ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும். ஒன்று மட்டும் தனியாக முரண்டு பிடித்தால் அதைத் திரும்பப் படிக்க வேண்டும்.

இதே இனத்தில் இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் காசு பறிபோகும். ‘ஜியூசெக்கி’ என்று ஒரு வகை இருக்கை உண்டு. ஜியூ என்றால் சுதந்திரம், செக்கி என்றால் இருக்கை. எண் ஒதுக்காத இருக்கை, முதலில் வருபவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம். செயலிகள் பல நேரம் ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வருகின்றன. வழியில் அது ‘ஃப்ரீ சீட்’ ஆகிறது, தமிழில் வந்து சேரும்போது ‘இலவச இருக்கை’ ஆகிவிடுகிறது. டிக்கெட்டின் இன்னொரு மூலையில் 4,000 யென் என்று அச்சாகியிருக்கும்போதே பக்கத்தில் ‘இலவசம்’ என்று வருவதைப் பார்த்திருக்கிறேன். விலை அச்சாகியிருக்கும் டிக்கெட்டில் இலவசம் என்ற சொல்லைக் கண்டால் நம்பாதீர்கள்.

பாப்பா விஷயத்துக்கு வருவோம். ‘பள்ளி செல்லாத குழந்தைகள் நுழைய முடியாது’ என்ற தமிழைப் படித்ததும் அக்காவுக்கு நிம்மதி. பாப்பா கோவையில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்குப் போகாமலா இருக்கிறாள்? மூலத்தில் இருந்த சொல் ‘மிஷூகாக்குஜி’. இன்னும் தொடக்கப் பள்ளியில் சேராத குழந்தை. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் தேதிக்குள் ஆறு வயது நிறைவது கணக்கு. அதற்கு அடுத்த நாள் பிறந்த குழந்தை இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். பாப்பா பிறந்தது 2018 செப்டம்பர். 2024 ஏப்ரலில் அவளுக்கு ஐந்தரை வயதுதான். ஜப்பானில் பிறந்திருந்தால் 2025 ஏப்ரலில்தான் பள்ளியில் சேர்ந்திருப்பாள். ஆக, 2024 நவம்பர் 3 அன்று அந்தச் சொல்லின் கணக்கில் அவள் உள்ளே வர முடியாத குழந்தை, ஆறு வயது முடிந்திருந்தாலும், கோவையில் ஒன்றாம் வகுப்புப் பாடம் படித்துக்கொண்டிருந்தாலும்.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பவர் தீர்ப்பு எழுதக்கூடாது. வெளிநாட்டுக் குழந்தைக்கு எந்தக் கணக்கு என்பதை ஏற்பாட்டாளர்தான் சொல்ல வேண்டும். விசாரணைக்கான தொலைபேசி எண் எல்லா டிக்கெட்டிலும் அடியில் இருக்கும், அதைச் சுட்டிக்காட்டினேன். தம்பி கூப்பிட்டுக் கேட்டார். பிறந்த தேதியைக் கேட்டுக்கொண்டு, அழைத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவும் தம்பியும் கச்சேரிக்குப் போனார்கள், அப்பா பாப்பாவை ஒசாகாவின் பெரிய மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே நாலே முக்கால் மணிக்கு வாசலில் தெரிந்திருந்தால் மூன்று பேர் சீட்டும் வீணாகியிருக்கும்.

வயது பற்றிய வரிகள் டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும். மூன்று வயதுக்கு மேல் கட்டணம் என்றால் அதற்குக் கீழ் உள்ளவர் பெற்றோர் மடியில் இலவசமாக உட்காரலாம் என்று பெரும்பாலும் அர்த்தம், ஆனால் அந்த இரண்டாம் பாதியும் எழுதியிருக்கிறதா என்று தேடுவேன். எழுதாததை நாமாகச் சேர்த்துவிடக்கூடாது.

‘பிரித்தல் செல்லாது’ என்பது இருந்த இடம் விசித்திரமானது. டிக்கெட்டின் ஒரு பக்கத்தில் துளைகளால் ஆன கிழிப்புக்கோடு, அதை ஒட்டி மேலிருந்து கீழாகப் பொடி எழுத்தில் ஒரு வரி. கேமரா இதைப் பல நேரம் அலங்காரம் என்று விட்டுவிடும். அது சொல்வது: இந்தத் துண்டைக் கிழித்துவிட்டால் டிக்கெட் செல்லாது. வாசலில் நிற்கும் ஊழியர்தான் கிழித்து, பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பாதியை நம்மிடம் தருவார். பர்சில் மடித்து வைக்கும்போது அந்தத் துளைக்கோடு தானாகப் பிய்ந்துவிடக்கூடும் என்பதால் இந்த வரியை நான் எப்போதும் மேலே கொண்டுவந்து எழுதுகிறேன். டிக்கெட்டில் எந்த இடத்தில், எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பார்த்து முக்கியத்துவத்தை முடிவு செய்ய முடியாது.

பெயர் ஒரு தமிழ்ச் சிக்கல். டிக்கெட்டில் வாங்கியவர் பெயர் கதகானாவில் அச்சாகியிருக்கும், கடைசியில் ‘சாமா’ என்று ஒரு மரியாதைச் சொல்லோடு. அதைப் பெயரின் பகுதி என்று நினைக்க வேண்டாம். ஜப்பானியப் படிவங்களில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் கட்டாயம். நமக்கோ அப்பா பெயரின் முதலெழுத்தும் ஒரு பெயரும்தான். ஒருவர் இனிஷியலைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுகிறார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாகப் போடுகிறார், பாஸ்போர்ட்டில் வேறு வரிசை இருக்கிறது. சாதாரண நிகழ்ச்சியில் இதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் டிக்கெட்டில் அடையாளச் சோதனை உண்டு என்று இருந்தால் வாசலில் படத்தோடு கூடிய சான்றைக் கேட்பார்கள். டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்பதைத் தடுக்க ஜப்பானில் தனிச் சட்டம் 2019 ஜூன் 14 முதல் நடப்பில் இருக்கிறது. ஓராண்டு வரை சிறை, பத்து லட்சம் யென் வரை அபராதம் என்பது அதன் தண்டனை. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஏற்பாட்டாளர் வாங்குபவரின் பெயரைச் சரிபார்த்து வாங்கி, டிக்கெட்டில் அனுமதிக்கப்பட்டவர் யார் என்பதையோ எந்த இருக்கை என்பதையோ குறிக்க வேண்டும். அதனால்தான் பெரிய நிகழ்ச்சிகளில் பெயர் அச்சாவது கூடிவிட்டது. மொழிபெயர்க்கும்போது கதகானாப் பெயரை ஒலித்துப் பார்த்து, பாஸ்போர்ட் பெயரோடு எங்கே மாறுபடுகிறது என்று ஒரு வரி எழுதிவிடுவேன்.

கடைசியில் அக்காவுக்கு அனுப்பிய தமிழ் இவ்வளவுதான்:

“2024 நவம்பர் 3, ஞாயிறு, விடுமுறை நாள். உள்ளே விடுவது மாலை 4:15, தொடக்கம் 5:00. உங்கள் இடம்: நம் கணக்கில் முதல் மாடி, விளிம்பிலிருந்து 3-ஆவது வரிசை, எண் 3, மேடையைப் பார்த்து இடது ஓரம், இடப்பக்கக் கதவு. மேடையின் ஒரு பகுதி மறையலாம், அதைச் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். துளைக்கோட்டில் நீங்களே கிழித்தால் டிக்கெட் செல்லாது. தொலைந்தால் மறு டிக்கெட் கிடையாது. நிகழ்ச்சி ரத்தானால் மட்டுமே பணம் திரும்ப வரும். படமெடுக்கவோ பதிவு செய்யவோ கூடாது. ஜப்பானில் தொடக்கப் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, கீழே உள்ள எண்ணில் கேட்டு உறுதி செய்யவும்.”

நாற்காலியே இல்லாத இசைக்கூடங்களுக்கு வேறு வகை டிக்கெட். ஜப்பானியர் ‘லைவ் ஹவுஸ்’ என்று சொல்லும் சின்னக் கூடங்கள் அவை, நின்றுகொண்டே கேட்க வேண்டும். அதிலும் ‘ஏ 125’ போல ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்ததும் ஏ வரிசை, 125-ஆவது நாற்காலி என்றே எல்லோரும் நினைப்பார்கள். அதற்கு மேலே இருக்கும் சொல் ‘செய்ரி பங்கோ’, உள்ளே விடும் வரிசை எண். கதவு திறந்ததும் ஊழியர் ஏ 1 முதல் கூப்பிடத் தொடங்குவார், பல இடங்களில் பத்துப் பத்துப் பேராக. 125 வரும்போது நீங்கள் அங்கே இருந்தால் அந்த இடத்தில் நுழையலாம், இல்லாவிட்டால் வந்த பிறகு நுழையலாம். எண் இருக்கிறதே, நமக்கு இடம் காத்திருக்கும் என்று மெதுவாகப் போனால் சுவரோரம்தான் கிடைக்கும். இங்கே கைஜோ நேரம்தான் உயிர். ஊழியர் எண்ணை ஜப்பானிய மொழியில்தான் கூவுவார் என்பதால் நூற்று இருபத்தைந்தை ‘ஹ்யாக்கு நிஜூ கோ’ என்று தமிழில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அதே டிக்கெட்டில் ஒன்று என்ற எண்ணையும் ஆங்கில ‘டி’ எழுத்தையும் சேர்த்து ஒரு துணுக்கு இருக்கும், கூடவே ‘தனி’ என்று பொருள்படும் எழுத்து. டி என்றால் டிரிங்க். டிக்கெட் விலை போக, வாசலில் ஒரு பானத்துக்கு ஐந்நூறு அறுநூறு யென் கட்டாயம் கட்ட வேண்டும். குடிக்க விரும்பாதவரும் கட்ட வேண்டும். பொதுநிகழ்ச்சி அரங்கத்துக்கான உரிமம் பெறுவது கடினம் என்பதால் இந்தக் கூடங்கள் பல உணவகமாகப் பதிவு செய்துகொண்டு நடக்கின்றன. உணவகம் என்றால் எதையாவது பரிமாற வேண்டுமே. காரணம் தெரியாதவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று வாசலில் சண்டைக்கு நிற்பதுண்டு. சில்லறையாக எடுத்துப் போங்கள் என்று சேர்த்து எழுதுவேன்.

சினிமா டிக்கெட் எளிது, இரண்டு இடம் தவிர. முதலாவது நேரம். நள்ளிரவுக் காட்சிகளில் 25:10 என்று அச்சாகியிருக்கும். அச்சுப்பிழை இல்லை. அங்கே வியாபார நாள் நள்ளிரவோடு முடிவதில்லை. நவம்பர் 8, வெள்ளி, 25:10 என்றால் சனிக்கிழமை அதிகாலை 1:10. எண்ணிலிருந்து 24-ஐக் கழித்துத் தேதியை ஒரு நாள் தள்ளினால் போதும். எழுதும்போது ‘வெள்ளி இரவு விடிந்தால் சனி, அதிகாலை 1:10’ என்று இரண்டு கிழமையையும் எழுதுகிறேன். ஒரு கிழமையை மட்டும் எழுதினால் சரியாக எழுதினாலும் ஒரு நாள் பிந்திப் போய் நிற்பவர்கள் உண்டு. கூடவே வயது விதியும் மாறும். தோக்கியோவில் இரவு 11 மணிக்குப் பிறகு முடியும் காட்சிக்குப் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரை, பெற்றோரோடு வந்தாலும், விடமாட்டார்கள். இது படத்தின் தணிக்கைச் சான்றைப் பொறுத்ததில்லை, முடியும் நேரத்தைப் பொறுத்தது. எனவே டிக்கெட்டில் தொடங்கும் நேரத்துக்கு அடுத்து அலைக்குறி போட்டு எழுதியிருக்கும் இரண்டாவது நேரத்தையும் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும்.

இரண்டாவது இடம் நமக்கு நெருக்கமானது. ரஜினியின் முத்து 1998-இல் ஷிபுயாவின் சினிமா ரைஸ் அரங்கில் வெளியாகி ஓடியதிலிருந்து இந்தியப் படங்களுக்கு அங்கே தனி ரசிகர்கள் உண்டு. அவர்களுக்காக ‘மசாலா ஜோஎய்’ என்று ஒரு காட்சி வகை இருக்கிறது, மசாலாக் காட்சி. வழக்கமாக மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் படம் பார்க்கும் ஊரில் கத்தலாம், கைதட்டலாம், எழுந்து ஆடலாம் என்று அனுமதி தரும் காட்சி. ஒசாகாவுக்குப் பக்கத்தில் அமகசாகியில் உள்ள சுகாகுச்சி சன்சன் அரங்கம் இதற்குப் பெயர்போனது. இந்தக் காட்சிகளின் விதிகளில் ‘குராக்கா’ என்ற சொல் வரும். ஆங்கிலம் வழியாக அது கிராக்கர் ஆகித் தமிழில் ‘பட்டாசு அனுமதி’ என்று வந்து நிற்கும். நம் ஊரில் முதல் நாள் முதல் காட்சிக்கு வாசலில் சரவெடி போட்டுப் பழகியவர் அதை அப்படியே நம்பிவிடக்கூடும். குராக்கா என்பது கையில் பிடித்து நூலை இழுத்தால் ‘டப்’ என்று காகிதச் சரம் பறக்கும் பிறந்தநாள் கூம்பு. தீ வைக்க வேண்டியதில்லை. அதையும் எல்லா அரங்கிலும் விடுவதில்லை. தூவும் வண்ணக் காகிதம் எந்த அளவில் இருக்கலாம், கூம்பைத் திரையை நோக்கி இழுக்கலாமா, படம் முடிந்ததும் குப்பையை யார் பெருக்குவது என்பதெல்லாம் அரங்கத்துக்கு அரங்கம் தனித்தனியாக எழுதியிருக்கும். டிக்கெட்டில் காட்சி வகையின் பெயர் மட்டும்தான் அச்சாகும். அதனால் மசாலாக் காட்சி டிக்கெட் படம் வந்தால், அரங்கத்தின் அறிவிப்பையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் நான் எழுதத் தொடங்குகிறேன்.